‘மதமும் குணமாதலும்’ என்ற ஆர்வம் ஓர் ஆய்வுக் கேள்வியான விதம்: ஒரு முதுகலை ஆய்வேட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவருக்கு நான் வழிகாட்டியாக இருந்தபோது நடந்தது இது. மாணவியின் பெயர், கல்லூரி, களமாக அமைந்த ஊர் எதையும் இங்கே சொல்லவில்லை. ஆய்வில் பேசியவர்களுக்கு நாங்கள் கொடுத்த உறுதி அது. தென் மாவட்டம் ஒன்றில் உள்ள தர்கா என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள் ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க வேண்டும். நான்காம் செமஸ்டருக்குள் களப்பணி, எழுத்து, வாய்மொழித் தேர்வான வைவா மூன்றும் முடிய வேண்டும். விடுமுறையையும் சேர்த்துப் பார்த்தால் களத்தில் இருக்கக் கிடைப்பது இரண்டு மாதத்துக்கும் குறைவு. நிதி உதவி கிடையாது. பஸ் செலவு மாணவியின் கைக்காசு. எந்த ஆய்வுக் கேள்வியும் இந்தக் கட்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

அவர் கொண்டுவந்த தலைப்பு, ‘தமிழ்நாட்டில் மதமும் குணமாதலும்: ஒரு சமூகவியல் ஆய்வு’. ஆர்வம் உண்மையானது. அவருடைய உறவினர் ஒருவருக்கு மனநலம் குன்றியபோது குடும்பமே கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று அலைந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். தலைப்போடு ஓர் இடப் பட்டியலும் இருந்தது: வேளாங்கண்ணி, நாகூர், குணசீலம், பெந்தெகொஸ்தே சபைகளின் குணமளிக்கும் கூட்டங்கள், குறி சொல்லும் கோடாங்கிகள். மஞ்சள்காமாலைக்குப் பார்வை பார்ப்பது முதல் பேய் ஓட்டுவது வரை அந்தப் பட்டியலில் இடம் பிடித்திருந்தது.

எந்த இடத்தை எடுக்கலாம் என்ற பேச்சை நான் தள்ளிவைத்தேன். “ஆய்வு முடிஞ்சுடுச்சுன்னு வைங்கம்மா. கடைசி அத்தியாயத்தோட முதல் வரி என்னவா இருக்கும்? எழுதிக் கொண்டு வாங்க” என்றேன். அவர் எழுதி வந்த வரி: ‘மத நம்பிக்கை நோயுற்றோருக்கு மன ஆறுதல் அளிக்கிறது.’

இந்த வரியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. களத்துக்குப் போகாமலே இதை எழுதிவிடலாம். களத்துக்குப் போனாலும் இது தவறு என்று காட்டக்கூடிய எதுவும் அங்கே கிடைக்காது, ஏனென்றால் தர்காவுக்கு வந்து தங்கியிருப்பவர்களிடம் கேட்டால் ஆறுதலாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆறுதல் கிடைக்காதவர்கள் ஏற்கனவே ஊர் திரும்பியிருப்பார்கள். விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பேட்டி எடுப்பது வீண் உழைப்பு.

முதல் சுருக்கம்: இடத்தைக் குறைத்தது

அடுத்த சந்திப்பில் தலைப்பு ‘ஒரு தர்காவில் மனநோயாளிகளின் குணமாதல்’ என்று ஆகியிருந்தது. ஒரு மதம், ஓர் இடம், ஒரு வகை நோய். மாணவர்கள் பெரும்பாலும் செய்கிற சுருக்கம் இதுதான். இதில் ஒரு நன்மை உண்டு: பயணம் குறைகிறது, ஓர் ஊரில் ஊன்றி இருக்க முடிகிறது. அந்தத் தர்கா மாணவியின் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அங்கே வந்து தங்குகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள் என்பதால், ஒரு மதத்துக்குள் அடைபட்டுவிடுவோமோ என்ற கவலையும் அவருக்கு இல்லை.

ஆனால் இது இன்னமும் தலைப்புதான். குணமாதலைப் பற்றி என்ன கேட்கப்போகிறோம், யாரிடம் கேட்கப்போகிறோம் என்பது அதில் இல்லை. இடம், மக்கள், நோய் மூன்றையும் எவ்வளவு குறுக்கினாலும் கேள்வி தானாக வந்து நிற்காது. அதனால் தலைப்பை அப்படியே வைத்துவிட்டு வாசிப்புக்குப் போகச் சொன்னேன். ஒவ்வொரு ஆய்வையும் படித்ததும், அதில் கேட்கப்பட்ட கேள்வியை ஒரே வாக்கியமாகத் தன் சொற்களில் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வாசிப்பில் தெரிந்தது

எழுதி முடித்த வாக்கியங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது அவை மூன்று குவியலாகப் பிரிந்தன. ‘வழிபாட்டிடத்தில் தங்குவதால் நோய் குறைகிறதா?’ என்று கேட்பவை ஒன்று. ‘நோயை மக்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்?’ என்று கேட்பவை இன்னொன்று. ‘எங்கே முதலில் போகிறார்கள், பிறகு எங்கே போகிறார்கள்?’ என்று மருத்துவம் தேடும் பாதையைத் தொடர்பவை மூன்றாவது.

மாணவியை அதிகம் ஈர்த்தது முதல் குவியல். அதற்குக் காரணம் 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. தமிழ்நாட்டில் முத்துசுவாமி என்பவரின் சமாதியின் மேல் அமைந்த கோயிலில் தங்கியிருந்த 31 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே குணப்படுத்துவதற்கென்று தனிச் சடங்கு கிடையாது. காலையில் சிறிய பூஜை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள், குடும்பத்தார் ஒருவர் கூடவே இருப்பது, அவ்வளவுதான். வந்தபோதும் கிளம்பும்போதும் மனநோய் அறிகுறிகளை ஓர் அளவுகோலில் மதிப்பிட்டார்கள். மதிப்பெண் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது.

“நானும் இதையே தர்காவுல செய்யலாம்ல மேடம்?” என்று கேட்டார். அந்த ஆசையை ஒரே வார்த்தையில் மறுத்துவிட எனக்கு மனமில்லை. அதைச் செய்ய என்னென்ன தேவை என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அந்த அளவுகோலைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் வேண்டும். ஒவ்வொரு நோயாளியையும் வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் பார்க்க வேண்டும், ஆனால் அவர்கள் கிளம்பும் நாள் நமக்கு முன்கூட்டியே தெரியாது. முன்னேற்றம் தெரிந்தாலும் அது தர்காவால் வந்ததா, மருந்தால் வந்ததா, வீட்டுச் சண்டையிலிருந்து விலகியதால் வந்ததா, நோய் தன் போக்கில் தணிந்ததா என்று பிரிக்க ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும். அந்த 31 பேர் ஆய்விலேயே ஒப்பீட்டுக் குழு இல்லை. சமூகவியல் மாணவி ஒருவர் தனியாக இரண்டு மாதத்தில் ‘குணமாகிறதா’ என்பதற்கு விடை சொல்ல முடியாது. மதிப்பான கேள்விதான், ஆனால் வேறு ஆட்களும் வேறு வசதியும் தேவைப்படுகிற கேள்வி. அதை ஓரமாக எடுத்துவைக்க அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்து அவர் எடுத்தது இரண்டாவது குவியல். மருத்துவ மானுடவியலில் ஆர்தர் கிளைன்மன் வகுத்த கேள்விகள் பலருக்கும் தெரியும்: இந்த நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, எந்த மருத்துவம் தேவை என்று கருதுகிறீர்கள், எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று அவை போகும். அவற்றைத் தமிழில் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொண்டு, முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டுப் பார்க்க மாணவி கிளம்பினார். அவர் முன்வைத்த கேள்வி: ‘தர்காவில் தங்கும் குடும்பங்கள் மனநோயின் காரணத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றன?’

முன்னோட்டத்தில் கண்டது

தர்காவில் சில பெண்கள் பேச முன்வந்தார்கள். நோய் எதனால் வந்தது என்று கேட்டதும் விடை தடையில்லாமல் வந்தது. ஒரு தாய் சொன்னார்: “யாரோ செஞ்சு வச்சிட்டாங்க. நரம்புத் தளர்ச்சியும் இருக்கு. அவங்க அப்பா குடிச்சு அடிச்சதுல பயந்தும் போயிருச்சு.” மூன்றில் எது முக்கியமான காரணம் என்று மாணவி திரும்பக் கேட்டார். “எல்லாந்தாம்மா” என்பதே பதில். இன்னொரு வீட்டில் முதல் நாள் செய்வினை என்று சொன்னவர்கள், மறுநாள் மாணவியின் கையில் ஃபைலைப் பார்த்ததும் ‘மூளையில சுரக்கிற நீர் கூடிப்போச்சு’ என்றார்கள். ஆஸ்பத்திரிப் பொண்ணு என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

இது அவர்களுடைய பொய்யும் இல்லை, குழப்பமும் இல்லை. காரணம் கேட்கப்படும்போது, கேட்பவரையும் சூழலையும் பார்த்து மனிதர்கள் விடை சொல்கிறார்கள். ஒருவருக்குள் பல விளக்கங்கள் சண்டையில்லாமல் சேர்ந்தே இருக்கின்றன என்பது இந்தத் துறையில் பல காலமாகத் தெரிந்த செய்தி. அதையே மறுபடி ஒரு முறை சொல்வது ஆய்வேடாகாது.

விடை வேறிடத்தில் இருந்தது. தர்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு நாள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் சமூகப் பணியாளரும் வருவார்கள். அன்றைக்கு அங்கே மாணவி போயிருந்தபோது, முந்தின நாள் தர்காவில் பார்த்த அதே முகங்கள் வரிசையில் நின்றன. முன்பு பேசிய அந்தத் தாயின் கையில் ஒரு பாலித்தீன் பை. உள்ளே மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டைகள், காகிதத்தில் மடித்த சந்தனம், தர்கா விளக்கின் எண்ணெய் ஊற்றிய சின்ன பாட்டில், எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, “ஓதின தண்ணியிலதான். வெறுந்தண்ணியில குடுத்தா துப்பிருது” என்றார்.

மாணவி அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதைத்தான். மருந்தா, மந்திரமா என்று பிரித்துக் கேட்கிற கேள்வி இந்தக் குடும்பங்களிடம் எடுபடாது. இரண்டும் ஒரே டம்ளரில் இருந்தன.

களக்குறிப்பில் வேறொன்றும் இருந்தது. பேசிய ஒவ்வொருவரும், கேட்காமலே, ஒரு விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்: எப்போது ஊருக்குப் போவது. “பாவா உத்தரவு குடுத்தாத்தான் போகணும்”, “பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள போயிரணும்”, “ரூம் வாடகை ஏறிக்கிட்டே போகுது” என்று அது வந்தது. அந்தத் தர்காவில், அடங்கியிருக்கும் மகான் கனவில் வந்து ‘போகலாம்’ என்று சொல்வதே கிளம்புவதற்கான உத்தரவு. அது வரும்வரை தங்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். காரணத்தைப் பற்றிய விடைகள் ஆளுக்கு ஏற்ப மாறின. கிளம்புவதைப் பற்றிய பேச்சில் தேதியும் ஆட்களும் வாடகையும் அவரவர் சொன்ன சொல்லும் அப்படியே கிடைத்தன.

கேள்வியைத் தீட்டியது

இங்கிருந்துதான் உண்மையான சுருக்கம் தொடங்கியது. நான் சொன்ன ஆலோசனை ஒன்றுதான்: இந்தக் குடும்பங்கள் எடுத்தாக வேண்டிய ஒரு முடிவைத் தேடுங்கள். முடிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நேரம் உண்டு, அதில் பேசியவர்கள் உண்டு, வேறு வழியும் இருந்திருக்கும். ‘என்ன நம்புகிறீர்கள்’ என்று கேட்பதைவிட ‘போன தடவை எப்படி முடிவு பண்ணீங்க’ என்று கேட்டால், நடந்ததைச் சொல்வது அவர்களுக்கும் எளிது, சரிபார்ப்பது நமக்கும் எளிது.

அவர் முதலில் எழுதியது: ‘கனவில் வரும் உத்தரவு குணமாதலில் எத்தகைய பங்கு வகிக்கிறது?’ இதில் ‘குணமாதல்’ மறுபடி உள்ளே வந்துவிட்டது. கனவு வந்ததால் குணமானதா என்று நாம் சொல்லப்போவதில்லை. அதை நீக்கினோம்.

அடுத்தது: ‘குடும்பங்கள் வீடு திரும்புவதைக் கனவு தீர்மானிக்கிறதா, பொருளாதாரம் தீர்மானிக்கிறதா?’ முன்பைவிடக் கூர்மைதான். ஆனால் ‘இதுவா அதுவா’ என்ற வடிவம் ஓதிய தண்ணீரில் மாத்திரை கொடுத்த தாயையே மறந்துவிடுகிறது. ஆம், இல்லை என்று முடிகிற கேள்விக்கு ஆழமான பேட்டி பொருந்தாது என்பதும் உண்டு.

இறுதியில் நின்றது இது: ‘சுகாதார நிலையத்தில் மனநல மருந்து வாங்கிக்கொண்டே தர்காவை ஒட்டித் தங்கியிருக்கும் குடும்பங்களில், தங்குவதை முடித்துக்கொண்டு வீடு திரும்புவது எப்போது என்ற முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது?’ இதன் கீழ் மூன்று சிறு கேள்விகள். அந்த முடிவில் யாருடைய சொல் எடுபடுகிறது? நோயாளியிடம் என்ன அடையாளம் தெரிந்தால் ‘தேறிட்டான்’ என்கிறார்கள்? திரும்பிய பிறகு மருந்தை என்ன செய்வதாகத் திட்டமிடுகிறார்கள்?

இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலிபோல இருந்தது. ‘மருந்து வாங்கிக்கொண்டே’ என்பதால் மருந்தே வேண்டாம் என்பவர்கள் ஆய்வுக்கு வெளியே போனார்கள். அது இழப்புதான், ஆனால் வாராந்தர வரிசையில் நிற்பவர்கள் யார் என்பது தெரிந்திருந்ததால், இந்தக் குடும்பங்களை அணுகச் சமூகப் பணியாளரின் உதவி கிடைத்தது. ‘குடும்பங்களில்’ என்றதால் பேட்டி தருபவர் கூட இருந்து பார்ப்பவர் என்பது உறுதியானது. ‘எவ்வாறு’ என்றதால் எண்ணிக்கைக்குப் பதிலாக, நடந்த விதத்தை விரிவாகச் சொல்வதே விடை என்றானது. பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன்: கடைசி அத்தியாயத்தின் முதல் வரி என்ன? “தெரியலையே மேடம், போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். சினாப்சிஸை அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

நெறிமுறை சார்ந்த முடிவுகள்

நோயாளிகளையே பேட்டி எடுக்க வேண்டும் என்பது மாணவியின் விருப்பம். அவர்களுடைய குரல் இல்லாத ஆய்வு நியாயமா என்று அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 99இன்படி, மனநோய் உள்ளவரை ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பதற்கே, கட்டாயமின்றி, முழு விவரமும் தெரிந்து அவர் தரும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரும் நிலையில் அவர் இல்லையென்றால் அந்த ஒப்புதலைப் பெற வழியில்லை. ஒருவர் அந்த நிலையில் இருக்கிறாரா என்று மதிப்பிடும் பயிற்சி மாணவிக்கும் இல்லை, எனக்கும் இல்லை.  ஆகவே கூட இருக்கும் குடும்பத்தார் மட்டுமே பேட்டிக்கு உரியவர்கள் என்று முடிவெடுத்தோம். அதை ஆய்வேட்டின் எல்லை என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதினோம்.

இதிலும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. குடும்பத்தார் பேசுவது நோயாளியைப் பற்றித்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரைப் பற்றியே ‘அது கடிக்கும், துணியைக் கிழிக்கும்’ என்று பேசவிடுவது அவமதிப்பு. நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு உறவினர் இருக்கும் நேரத்தில்தான் பேட்டி என்று நிபந்தனை வைத்தோம். புகைப்படம் கிடையாது. குரல் பதிவு வேண்டாம் என்றால் கையால் குறிப்பு.

இன்னொன்றைக் கல்லூரி நெறிக்குழுவே கேட்டது: சங்கிலியால் கட்டப்பட்டவரைக் கண்டால் மாணவி என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் கனம் அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 சட்டத்தின் பிரிவு 95 எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அப்படி எதையாவது கண்டால் அன்றே எனக்குச் சொல்வது, நான் மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்குத் தெரிவிப்பது, இந்த விஷயத்தில் ரகசியம் காக்கும் உறுதி பொருந்தாது என்பதைப் பேட்டிக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது என்று எழுத்தில் வகுத்தோம். களப்பணி நடந்த காலத்தில் அதைப் பயன்படுத்த வேண்டிய நிலை வரவில்லை.

களப்பணியும் கிடைத்த விடையும்

பதினைந்துக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் பேசின. சில குடும்பங்களை மாணவி இரண்டாம் முறையும் சந்தித்தார், கிளம்பும் நாள் நெருங்கியபோது. பேட்டியின் மையம் ஒரே கோரிக்கைதான்: “இங்க வந்த நாள்லேர்ந்து, ஊருக்குப் போலாமான்னு வீட்ல பேச்சு வந்த ஒவ்வொரு தடவையும் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.” யார் பேச்சை எடுத்தார், யார் மறுத்தார், எப்படி முடிந்தது என்று அதைத் தொடர்ந்து கேட்டார். நோய்க்குக் காரணம் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. வேண்டியவர்கள் தாங்களாகவே சொன்னார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது கனவைப் பற்றிய பகுதி. உத்தரவுக் கனவைப் பெரும்பாலும் கண்டது நோயாளி அல்ல. தாய், மனைவி, அக்கா என்று கூட இருந்தவர். கனவு வருவதற்கு முந்தைய நாட்களைக் கோத்துப் பார்த்தால், அந்த நாட்களில் குடும்பம் சில அடையாளங்களைக் கண்டிருந்தது: இரவில் தூங்குகிறார், தானே குளிக்கிறார், வந்த உறவினரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சாப்பாடு உப்பு என்று குறை சொல்கிறார். கடைசியாகச் சொன்ன அடையாளத்தைப் பல வீடுகளில் சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். கனவைக் காரணம் என்றும் மற்றவற்றைச் சாக்கு என்றும், அல்லது திருப்பிப் போட்டும், மாணவி எழுதவில்லை. கனவு வந்ததாகச் சொல்லப்பட்ட பிறகு, வீட்டு ஆண்களும் ஊரிலிருந்த மாமியாரும் அதை மறுத்துப் பேசவில்லை என்பதை எழுதினார். பல வாரமாக ‘போலாம்’ என்று சொல்லியும் எடுபடாத ஒரு பெண்ணின் சொல், கனவின் வழியே வந்தபோது முடிவாகியது. யாருடைய சொல் எடுபடுகிறது என்ற சிறு கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்காது.

உத்தரவு வராமலே கிளம்பிய குடும்பங்களும் இருந்தன. கைக்காசு தீர்ந்தது, அறுப்புக்கு ஆள் இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை. அவர்கள் வழக்கத்தை மீறுவதாக நினைக்கவில்லை. மகானின் அடக்கத்தலமான கபர் முன்னால் நின்று தவணை கேட்டு, கம்பியில் நூல் கட்டி, சந்தனக்கூடுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது சிறு கேள்வியில் எதிர்பாராதது வந்தது. உத்தரவு பெற்றுக் கிளம்பிய குடும்பங்களில் சிலர், இனி மருந்து வேண்டியதில்லை என்று கருதினார்கள். உத்தரவு வந்துவிட்டது என்றால் தேறிவிட்டதாகப் பொருள். தவணை கேட்டுக் கிளம்பியவர்கள், இன்னும் முழுதாகத் தேறவில்லை என்று நினைத்ததாலேயே மாத்திரையைத் தொடரும் எண்ணத்தில் இருந்தார்கள். மருந்தும் வழிபாடும் தங்கியிருக்கும்வரை சேர்ந்தே போயின. பிரியும் இடம் புறப்படும் நாள். மனநோய் மருந்தைத் திடீரென நிறுத்துவதால் நோய் திரும்பும் ஆபத்து உண்டு என்பதால், மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு உடனே பயன்படக்கூடிய செய்தியாக அது இருந்தது. எண்ணிக்கை சிறியது, இது திட்டம்தானே தவிர உண்மையில் நிறுத்தினார்களா என்பது தெரியாது என்ற இரண்டையும் மாணவி அழுத்தமாக எழுதினார். குடும்பங்களின் பெயரில்லாமல் இந்தப் பகுதியைச் சமூகப் பணியாளரிடம் பகிர்ந்தோம். அதன்பின் ‘எப்போ ஊருக்குப் போறீங்க’ என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு, போகும் குடும்பத்துக்குச் சொந்த மாவட்டத்தில் மருந்து வாங்கும் இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை அவர் தொடங்கினார்.

வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டது, “கடைசியா தர்காவுல குணமாகுதா, ஆகலையா?” என்று. அந்தக் கேள்விக்குத் தேவையான ஒப்பீட்டுக் குழு, மதிப்பீட்டாளர், காலம் மூன்றும் தன் ஆய்வில் இல்லை என்பதையும், தன் விடை எந்தக் கேள்விக்குரியது என்பதையும் மாணவி பதற்றமில்லாமல் சொன்னார். ஒதுக்கிவைத்த கேள்வியை ஏன் ஒதுக்கினோம் என்று அன்றே எழுதிவைத்திருந்தது அங்கே உதவியது.

அடுத்த முறை மாற்றுவது

இந்த ஆய்வில் பேசியவர்கள் எல்லாரும் இன்னும் தங்கியிருப்பவர்கள், அல்லது கிளம்பும் தறுவாயில் இருப்பவர்கள். வீடு திரும்பிய பிறகு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. இதே கேள்வியை இன்னொரு மாணவர் எடுத்தால், கிளம்பும்போதே தொலைபேசி எண்ணுக்கு ஒப்புதல் பெற்று, ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு அழைப்பில் மருந்து தொடர்கிறதா என்று கேட்கும் திட்டத்தை நெறிக்குழுவிடம் முதலிலேயே வைக்கச் சொல்வேன்.

மாணவி பெண் என்பதால் பெண்கள் தயங்காமல் பேசினார்கள். தந்தை, அண்ணன் போன்ற ஆண்களின் பேட்டிகள் குறுகியவை. கனவு வீட்டுக்குள் யாருடைய சொல்லுக்குப் பலம் தருகிறது என்ற விடை பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது. ஆண் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து அதே குடும்பத்தின் ஆண்களைத் தனியாகக் கேட்டிருந்தால், அந்த விடை நிற்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களிடம் பேசுவதைக் கேள்வி தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. ஆனால் கனவைக் கேட்டு, இது உத்தரவுதான், இது இல்லை என்று சில சமயம் சொல்பவர்கள் அவர்கள் என்பது பேட்டிகளின் பிற்பகுதியில் தெரிய வந்தது. அப்போது களநாட்கள் முடியும் தறுவாயில் இருந்தன. அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்கலாம்: ஒரு கனவு உத்தரவாக ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் எப்படி நடக்கிறது?

துறையின் சினாப்சிஸ் படிவத்தில் தலைப்புக்கும் நோக்கங்களுக்கும் மட்டும் இடம் இருந்தது. துறைக் கூட்டத்தில் பேசி இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். ஒன்று, ஆய்வுக் கேள்வி, கேள்விக்குறியோடு முடியும் ஒரே வாக்கியத்தில். மற்றொன்று, இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் யார், அவரை எங்கே எப்போது சந்திக்கலாம் என்பது.